குரலுக்கு ஓர் ஒப்புதல்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

கார்ட்டூன் படத்தில் பேசுவது ஒரு காக்கை. ஆனால் அந்தக் காக்கையின் வாயிலிருந்து புறப்படும் குரல் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியுடையது. படம் பார்க்கும் வெளியூராருக்கு அது காக்கை. அவள் தெருக்காரருக்கோ முதல் சொல்லிலேயே அது இன்னார் வீட்டுப் பெண். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு கார்ட்டூன் படம் எடுக்குமுன் பெற்றோரிடம் ஏன் கடிதம் வாங்க வேண்டும், அதில் எதை எதைக் கேட்க வேண்டும் என்பன எல்லாம் இந்த ஒரு செய்தியிலிருந்தே கிளைக்கின்றன.

நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஐவர், கல்லூரிக்கு அருகிலுள்ள நடுநிலைப்பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 31 பேரோடு சேர்ந்து இத்தகைய படம் ஒன்றை உருவாக்கினோம். ஐவரில் நானும் ஒருவன். கடிதம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. படம் எடுப்பதைவிடக் கடிதம் எழுதுவதே கடினமான வேலை என்று முதலில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

படம் எடுக்கும் முறையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாளில் வரைந்து கத்தரித்த உருவங்களை மேசைமீது பரப்பி, ஒவ்வொரு முறையும் சிறிதளவு நகர்த்தி, மேலிருந்து செல்போனால் ஒரு நிழற்படம் எடுக்க வேண்டும். நொடிக்கு 12 நிழற்படம் வீதம் ஓட்டினால் உருவங்கள் அசைவதுபோல் தோன்றும். எங்கள் படம் 2 நிமிடம் 10 நொடி. ஆகவே 1,560 நிழற்படங்கள். வற்றிய கண்மாயில் ஒரு காக்கையும் ஒரு தவளையும் பேசிக்கொள்ளும் கதை; கதை பிள்ளைகள் சொன்னது. இடையில் ஒரு காட்சியில் மட்டும் தாள் உருவங்கள் இல்லை. பிள்ளைகளே நின்று, ஒவ்வொரு நிழற்படத்துக்கும் ஓர் அடி நகர்ந்து, கால் அசையாமல் தரையில் வழுக்கிச் செல்வதுபோல் வருவார்கள். இந்த உத்தியைக் கனடா நாட்டு நார்மன் மெக்லாரன் 1952-இல் ‘நெய்பர்ஸ்’ என்ற குறும்படத்தில் கையாண்டு புகழ்பெற்றார். அந்தக் காட்சியில் முகம் தெரியும். சட்டைப் பையிலுள்ள பள்ளிச் சின்னமும் தெரியும்.

ஆக, ‘கார்ட்டூன் படந்தானே, பிள்ளை எங்கே தெரியப்போகிறது’ என்று பெற்றோர் நினைப்பது சரியன்று. படத்துக்குள் பிள்ளை நான்கு வழிகளில் நுழைகிறது: குரலாக, கை அல்லது முகமாக, வரைந்த ஓவியமாக, இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் ஒரு பெயராக. இந்த நான்கும் ஒன்றல்ல. ஓவியத்தைக் காட்ட மனமுள்ள தாய் முகத்தைக் காட்ட மறுக்கலாம். குரலுக்கு இசைந்த தகப்பனார் பெயர் வேண்டாம் என்னலாம். உண்மையில் குரலைவிடப் பெயரே பிள்ளையை அதிகம் காட்டிக்கொடுக்கும். முழுப் பெயர், வகுப்பு, பள்ளி, ஊர் என்று நான்கையும் திரையில் ஓடவிட்டால் முகவரி எழுதிக் கொடுத்ததற்கு அது சமம்.

பள்ளியில் ஏற்கெனவே ஒரு படிவம் இருந்தது. ‘என் மகன்/மகள் பள்ளியின் அனைத்து நிகழ்ச்சிகளிலும் கலந்துகொள்ளவும், அவற்றைப் படம் பிடிக்கவும் வெளியிடவும் முழுமனத்துடன் சம்மதிக்கிறேன்’ என்று ஒரே வாக்கியம்; கீழே ஒரு கையெழுத்து. சேர்க்கையின்போதே இதில் கையொப்பம் வாங்கிவிடுவார்கள். இது போதாதா என்று எங்கள் குழுவிலேயே ஒரு நண்பன் கேட்டான். போதாது என்பதற்குச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது. குழந்தையின் தரவைக் கையாளுமுன் பெற்றோரின் இசைவு, அதுவும் அவர்தாம் தந்தார் என்று சரிபார்க்கத்தக்க இசைவு, வேண்டும் என்கிறது. செல்போனில் பதிந்த குரலும் முகமும் அத்தகைய தரவே. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருமாறு அவை காலம் வகுத்தன. காலம் எப்படியிருந்தாலும் நமக்குப் பயன்படுவது அச்சட்டம் இசைவுக்குத் தரும் இலக்கணம்: கட்டாயமின்றி, இன்ன காரியத்துக்கு என்று குறிப்பிட்டு, விவரம் அறிந்து, நிபந்தனையின்றி, ஐயத்துக்கு இடமின்றித் தருவதே இசைவு. ஜூன் மாதத்தில் சேர்க்கை வரிசையில் நின்றபடி ‘அனைத்து நிகழ்ச்சிகளுக்கும்’ இட்ட கையொப்பத்தில் காக்கையும் இல்லை, கண்மாயும் இல்லை.

இனி, கடிதம் எப்போது போக வேண்டும் என்பது. கார்ட்டூன் படத்தில் படம் முதலில், குரல் பிறகு என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். நடப்பது நேர்மாறு. குரலைத்தான் முதலில் பதிகிறோம்; அதன் நீளத்துக்கு ஏற்பவே உருவங்களின் வாயை அசைக்கிறோம். எங்கள் காக்கை, ‘இந்தக் கண்மாய்க்குத் தண்ணி வந்த வழி எங்கே போச்சு?’ என்று கேட்க 3.5 நொடி எடுத்துக்கொண்டது. அதாவது 42 நிழற்படம். அந்த 42-இல் எத்தனையாவதில் வாய் திறக்கிறது, எத்தனையாவதில் மூடுகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் மேசைக்கு வருகிறோம். ஆகவே குரல் பதியும் நாளே வேலையின் முதல் நாள். படம் முடிந்தபின் திரையிடும் வாரத்தில் கடிதம் அனுப்பினால், வேண்டாம் என்று சொல்லப் பெற்றோருக்கு உரிமை பெயரளவிலேயே இருக்கும். முடிந்த வேலையைக் கெடுத்தவர் என்ற பழி அவர்மேல் விழும். நாங்கள் ஒலிப்பதிவுக்குப் பத்து நாள் முன்பே கடிதம் கொடுத்தோம்.

கடிதத்தை இங்கே முழுமையாகத் தருகிறேன். நம்மில் பலர் நாளை ஆசிரியப் பணிக்குச் செல்வோர், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம்.

‘அன்புள்ள பெற்றோர்க்கு, வணக்கம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள் உதவியுடன், ஊர்க் கண்மாயைப் பற்றி இரண்டு நிமிடக் கார்ட்டூன் படம் ஒன்று செய்ய இருக்கிறார்கள். பள்ளி நேரத்தில், வகுப்பு ஆசிரியை முன்னிலையில், ஆறு நாள்கள் வேலை நடக்கும். உங்கள் பிள்ளை இதில் எப்படிச் சேரலாம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆம் அல்லது வேண்டாம் என்று குறியுங்கள்.

1. பிள்ளையின் குரலைப் பதிந்து படத்தில் சேர்க்கலாம். ஆம் / வேண்டாம்
2. பிள்ளையின் கையோ முகமோ படத்தில் தெரியலாம். ஆம் / வேண்டாம்
3. பிள்ளை வரைந்த ஓவியத்தைப் படத்தில் காட்டலாம். ஆம் / வேண்டாம்
4. படத்தின் இறுதியில் பிள்ளையின் பெயரை, ஊர்ப் பெயர் இல்லாமல், காட்டலாம். ஆம் / வேண்டாம்
5. பிள்ளை இடம்பெறும் படத்தைப் பள்ளியில் திரையிடலாம். ஆம் / வேண்டாம்
6. அதைப் பள்ளிக்கு வெளியே, யூடியூபில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிடலாம். ஆம் / வேண்டாம்

எதற்கு வேண்டாம் என்றாலும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதனால் மதிப்பெண்ணோ வகுப்பில் பிள்ளையின் இடமோ மாறாது; படத்தில் அவர்களுக்கு வேறு வேலை உண்டு. இன்று ஆம் என்றவர் பின்னர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கீழ்க்கண்ட எண்ணுக்கு ஒரு போன் போதும். வெளியிடும் தேதிக்கு முன் சொன்னால் படத்திலிருந்து முழுவதும் நீக்கிவிடுவோம். வெளியிட்டபின் சொன்னால் எங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுவோம்; ஆனால் அதற்குள் பிறர் தங்கள் போனில் எடுத்து வைத்த படிகளை எங்களால் திரும்பப் பெற முடியாது. படத்தில் சேராத ஒலிப்பதிவுகளைத் திரையிட்ட 30 நாளில் அழித்துவிடுவோம். பதில் வராத பிள்ளையின் குரலையும் முகத்தையும் பதிய மாட்டோம்.’

இதன் கீழே தலைமையாசிரியர் கையொப்பமும், பள்ளிப் போன் எண்ணும், வெளியிடும் தேதியும். அதற்கும் கீழே ஒரு புள்ளிக்கோடு. கோட்டுக்குக் கீழே அதே ஆறு வினாக்களும் கையொப்ப இடமும் மீண்டும் உண்டு. கீழ்ப்பாதியைக் கிழித்து அனுப்பிவிட்டு மேல்பாதியைப் பெற்றோர் வைத்துக்கொள்ள வேண்டும். சாதாரணமாகப் பள்ளிக் கடிதங்கள் முழுத்தாளாகத் திரும்பி வந்துவிடும். அப்புறம் எதற்குக் கையெழுத்திட்டோம், யாரைக் கூப்பிடுவது என்பதற்கு வீட்டில் ஒரு துண்டுத்தாள்கூட இருக்காது.

‘எங்களால் திரும்பப் பெற முடியாது’ என்ற வரியை எடுத்துவிடலாமே, பெற்றோர் பயந்துவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். பயப்பட வேண்டிய செய்திதான் அது, ஆகவே இருந்தது. யூடியூபில் `Unlisted` என்று வைத்தால் தேடலில் வராது. எனினும் இணைப்பு கையில் கிடைத்த எவரும் பார்க்கலாம், பிறர்க்கும் அனுப்பலாம். அதைப் பாதுகாப்பு என்று கடிதத்தில் எழுதுவது பெற்றோரை ஏமாற்றுவதாகும்.

கடைசி வரியும் வாதத்துக்கு உள்ளாயிற்று. ‘வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிடில் சம்மதம் எனக் கொள்ளப்படும்’ என்று எழுதுவது அலுவலகங்களில் வழக்கம். எழுதுகிறவருக்கு அது வசதி. ஆனால் பதில் வராததற்குக் காரணம், தகப்பனார் திருப்பூரில் இருப்பதாகவோ, தாள் புத்தகப்பைக்கு அடியில் நசுங்கிக் கிடப்பதாகவோ இருக்கலாம். மௌனத்தை ஆம் என்று படிக்க நமக்கு உரிமை இல்லை. சட்டமும் தெளிவான ஒரு செயலால் காட்டிய இசைவையே இசைவு என்கிறது.

கடிதம் வீட்டுக்குப் போவது அடுத்த சங்கடம். எழுத்தறியாத பெற்றோர் உள்ள வீட்டில் கடிதத்தைப் படிப்பது அந்தப் பிள்ளைதான். என் வீட்டில் அப்படித்தான். பள்ளியிலிருந்து வந்த தாள்களை எல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டியவன் நானே. எந்த வரியை விட்டுப் படிக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். படத்தில் பேச ஆசைப்படும் பிள்ளை, ‘வேண்டாம்’ என்னும் சொல்லை உரக்கப் படிக்குமா? ஆகவே ஒரு மாலைப்பொழுதில் பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைத்துக் கடிதத்தை நாங்களே படித்தோம். நிறுத்திப் படித்தால் நான்கு நிமிடம் ஆகிறது. ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு காட்சியைச் செல்போனில் காட்டினோம்: தாளில் காக்கை, தாளை நகர்த்தும் கை, வழுக்கிச் செல்லும் முகம். மாதிரிக்கு எங்கள் ஐவரின் கையும் முகமுமே இருந்தன. பார்த்தபின் பலர் இரண்டாம் வினாவுக்கு இட்ட குறியை மாற்றினார்கள். ‘தெரியலாம்’ என்ற சொல்லைக் கேட்பது வேறு, தெரிவதைப் பார்ப்பது வேறு போலும். கைநாட்டு வைத்தவர்களுக்கு, எங்கள் குழுவையோ பள்ளியையோ சேராத ஒருவர், பெரும்பாலும் பக்கத்து வீட்டம்மா, சாட்சியாகக் கையெழுத்திட்டார்.

வர இயலாதவர்களின் கடிதம் பிள்ளை வழியே போய்த் திரும்பியது. அவற்றை ஒரு கணம் உற்றுப் பார்க்க வேண்டும். மறுநாள் காலையே ஒரே நிற மையில், ஆறு ‘ஆம்’களும் ஒரே கோட்டில் சாய்ந்தபடி, இரண்டு மூன்று தாள்கள் வந்தால் அவை மரத்தடியில் நிரப்பப்பட்டவை என்று கொள்ளலாம். தரப்பட்டியலில் உள்ள பெற்றோர் கையொப்பத்தோடு வகுப்பு ஆசிரியை ஒப்பிட்டுப் பார்த்தார். ஐயமானவற்றுக்குப் பிள்ளையைத் திட்டாமல் வீட்டுக்கு ஒரு போன் செய்தார். பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் இருவர். பாட்டியின் கைநாட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் தாயாரிடமும் போனில் பேசி, நேரில் வந்தபோது கையொப்பம் வாங்கினார்.

31-இல் 26 கடிதங்கள் வந்தன. அவற்றை வைத்துக்கொண்டு பாத்திரங்களைப் பங்கிட உட்கார்ந்தபோது, கணக்குப் பாடத்தில் படித்த ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. பல கணங்களின் வெட்டு, அவற்றுள் மிகச் சிறிய கணத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. படத்துக்குக் கிடைக்கும் அனுமதியும் அப்படியே. ஆறு பேர் பேசும் படத்தில் ஐவரின் பெற்றோர் உலகமெல்லாம் காட்டலாம் என்று எழுதித் தந்தாலும், ஆறாமவரின் தகப்பனார் பள்ளிக்குள் மட்டும் என்று எழுதினால், அந்தப் படம் பள்ளியைத் தாண்டக் கூடாது. பெரும்பான்மை என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை.

அந்த ஆறாமவன் எங்கள் தவளை. வகுப்பிலேயே அவன்தான் தவளையாக நன்றாகப் பேசுவான். ஆறாம் வினாவுக்கு அவன் தகப்பனார் வேண்டாம் என்று குறித்திருந்தார். அவனை நீக்கிவிட்டால் வேலை எளிது. ஆனால் மறுத்தால் பிள்ளையின் இடம் மாறாது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறோம். குரலின் சுருதியை மாற்றிவிடலாமே என்று ஒரு நண்பன் வழி சொன்னான். `Audacity` என்ற இலவச நிரலில் `Change Pitch` என்று ஒரு கட்டளை உண்டு. நான்கு அரைச்சுரம் உயர்த்தினால் குரலிலுள்ள எல்லா அதிர்வெண்களும் ஏறக்குறைய 1.26 மடங்கு ஆகின்றன. எலி பேசுவதுபோல் கேட்கும். ஆனால் எல்லாம் ஒரே விகிதத்தில் உயர்ந்திருப்பதால், அதே கட்டளையால் நான்கு அரைச்சுரம் இறக்கினால் பழைய குரல் பெரும்பாலும் திரும்பிவிடும். இறக்காவிட்டாலும், பேசும் வேகம், சொல்லை இழுக்கும் விதம், ஊர் வழக்கு இவையெல்லாம் அப்படியே இருக்கின்றன. வேண்டாம் என்ற தகப்பனாருக்கு இது விடையாகாது.

ஆகவே ஒலியில் இரண்டு பிரதிகள் செய்வதென முடிவு செய்தோம். பள்ளிப் பிரதியில் தவளை அவனே. வெளிப் பிரதிக்கு, ஆறாம் வினாவுக்கு ஆம் பெற்ற வேறொரு மாணவன் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு முதல் பையனின் குரலைக் கேட்டபடியே அதே நேரத்தில் பேசினான். சினிமாவில் டப்பிங் செய்வது போலத்தான். ஐந்தாறு முறை முயன்றதில் வாயசைவு பொருந்திவிட்டது. நிழற்படம் ஒன்றையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இதற்கு ஒரே நிபந்தனை, ஒவ்வொரு பிள்ளையின் குரலும் தனித்தனித் தடத்தில் இருக்க வேண்டும். கூட்டமாகப் பேசவைத்து ஒரே தடத்தில் பதிந்துவிட்டால் அதிலிருந்து ஒரு குரலை மட்டும் சுத்தமாக உருவி எடுப்பது கடினம். கூட்டத்தின் ‘ஓ’வென்ற கூச்சலும் குரல்தான் என்பதால் அதையும் முதல் வினாவுக்கு ஆம் பெற்றவர்களை வைத்தே பதிந்தோம்.

குரலும் முகமும் வேண்டாம் என்ற பிள்ளைகளுக்கும் பதில் வராத ஐவருக்கும் என்ன வேலை? படத்தின் ஓசைகளை எல்லாம் அவர்கள்தாம் செய்தார்கள். வாளித் தண்ணீரில் கை அளைந்தால் கண்மாய் நிரம்பும் ஓசை. பழைய குடையை விரித்து மூடினால் காக்கையின் சிறகு. காய்ந்த பனையோலையை நெரித்தால் வெடித்த மண்ணில் நடக்கும் ஓசை. குரல் கொடுத்தவர்கள் இவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

பெற்றோர் இசைந்துவிட்டால் பிள்ளை இசைந்துவிட்டது என்று பொருளாகாது. தன்னைப் பற்றிய காரியங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்று 1989-ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றது. நாங்கள் செய்தது சிறிய காரியம். ஒலிப்பதிவுக்கு முன், மற்றப் பிள்ளைகள் இல்லாத இடத்தில், ‘இன்னைக்குப் பேசணும்னு இருக்கா, இல்ல தண்ணி சத்தம் போடப் போறியா?’ என்று ஆசிரியை கேட்டார். இரண்டும் உண்மையான வேலை என்பதால் கேள்வியும் உண்மையானதாக இருந்தது. ஒரு பெண் தண்ணீர்ச் சத்தத்துக்குப் போனாள். அவள் வீட்டிலிருந்து ஆறு ‘ஆம்’கள் வந்திருந்தன.

வெளியிடும் தேதிக்கு நான்கு நாள் முன், காக்கையாகப் பேசிய மாணவியின் தாயார் கடிதத்தில் கண்ட எண்ணுக்குப் போன் செய்தார். அன்று பள்ளியில் இருந்த நான்தான் எடுத்துப் பேசினேன். ‘பள்ளிக்கூடத்துல போட்டுக் காட்டுங்க தம்பி. வெளிய மட்டும் வேணாம். அவ குரல் வெளிய போக வேணாம்’ என்றார். சரிங்கம்மா என்றேன். காரணம் கேட்கவில்லை, கேட்க மாட்டோம் என்று எழுதியிருந்தோம். அந்தக் குடும்பம் அந்த ஊருக்கு வந்து ஓராண்டுதான் ஆகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஓர் ஊரை விட்டு, யாருக்கும் முகவரி சொல்லாமல், பெண்பிள்ளையோடு புறப்பட்டு வரும் தாய்மார்கள் நாட்டில் உண்டு. கடிதத்தில் ஒரே கையொப்பம்தான் இருந்திருந்தால், அவர் மகளை முழுவதுமாக நிறுத்த வேண்டும், அல்லது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆறாம் வினா தனியே நின்றதால் அதை மட்டும் அவரால் மாற்ற முடிந்தது.

தவளைக்குச் செய்ததையே காக்கைக்கும் செய்தோம். ஆனால் இம்முறை அவ்வளவு எளிதாக அமையவில்லை. புதிதாகப் பேசிய மாணவி விரைந்து பேசுகிறவள், 3.5 நொடி வாக்கியத்தை 3 நொடியில் முடித்துவிடுவாள். 42 நிழற்படத்தில் 36-ஓடு பேச்சு நின்றுவிட, மீதி ஆறிலும் காக்கை சத்தமின்றி வாயை அசைத்துக்கொண்டிருந்தது. திரும்பத் திரும்பப் பேசச் சொன்னதில் பிள்ளைக்குக் கண் கலங்கும் நிலை வந்துவிட்டது. இறுதியில் அந்த ஆறு நிழற்படங்களுக்குப் பதிலாக, வாய் மூடிய ஒரே நிழற்படத்தை ஆறு முறை வைத்தோம். காக்கை கேள்வி கேட்டுவிட்டு அரை நொடி சும்மா நிற்கிறது. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் மாணவியின் குரல் வெளிப் பிரதியிலிருந்து போனதோடு காரியம் முடியவில்லை. பதிவு செய்த மூலக் கோப்புகளில் படத்துக்கு வராத பேச்சு நிறைய இருக்கும்: ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, வீட்டுக் கதை, ஆசிரியை அதட்டுவது. பதிவு எல்லாவற்றையும் ஒரே பென் டிரைவில் வைத்திருந்தோம். கோப்பின் பெயர் `K1`, `K2`, `T1` என்று குறியீடாகவே இருந்தது. எந்தக் குறி எந்தப் பிள்ளை என்ற பட்டியல் ஆசிரியையின் குறிப்பேட்டில் மட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று முதல் நாளே பேசி வைத்திருந்தோம். ஒருமுறை அனுப்பினால் பெறுகிறவர் போன் ஒவ்வொன்றிலும் ஒரு படி உட்கார்ந்துவிடும். ‘கூகுள் டிரைவ்’ பயன்படுத்துவோர் மற்றொன்றையும் அறிய வேண்டும்: அதில் அழித்த கோப்பு `Trash` என்னும் கூடையில் 30 நாள் கிடக்கும். கூடையையும் காலி செய்தால்தான் அழித்ததாகும்.

பள்ளித் திரையிடலுக்கு அந்தத் தாயார் வந்திருந்தார். மகள் காக்கையாகப் பேசியபோது பக்கத்திலிருந்தவர் அவர் தோளைத் தட்டினார். அடுத்த மாதம் ஒலிப்பதிவுகளை அழித்தோம். கடிதங்களின் கீழ்ப்பாதிகள் 26-ம் தலைமையாசிரியர் அறை அலமாரியில் பூட்டியிருக்கின்றன. வெளிப் பிரதி யூடியூபில் இருக்கும்வரை அவையும் இருக்கும். காக்கை மாணவியின் தாளில் ஆறாம் வினாவின் ‘ஆம்’ அடிக்கப்பட்டு, அருகே ‘வேண்டாம்’ என்றும் போன் வந்த தேதியும் ஆசிரியையின் கையெழுத்தில் உள்ளன.